இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே இருந்தால் நீக்கிவிடலாமா?

கேள்வி: பிறந்த குழந்தைகளின் எடை பற்றிய ஓர் ஆய்வில் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எடை நெடுவரிசையில் 1,000 குழந்தைகள், சராசரி 3.0 கிலோ, திட்ட விலக்கம் 0.45. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளி இருப்பதையெல்லாம் அவுட்லையர் என்று குறித்தேன். 46 வந்தன, நீக்கினேன். மறுபடி கணக்கிட்டால் புதிதாக 33. அவற்றையும் நீக்கினேன். பிறகு 22. இது எங்கேதான் நிற்கும்? இன்னொரு பக்கம், பத்துக் குழந்தைகள் மட்டுமே உள்ள துணைப் பட்டியலில் இரண்டு எடைகள் 30, 31 என்று இருக்கின்றன. தவறு என்று கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் அதே விதி அங்கே ஒன்றையும் காட்டவில்லை. தலைமை ஆய்வாளர், "இரண்டு எஸ்.டி.க்கு வெளியே இருந்தால் தூக்கிவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். நான் விதியைத் தவறாகப் பயன்படுத்துகிறேனா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மூன்று சுற்றில் நீக்கிய 101 வரிசைகளையும் மூலக் கோப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டீர்கள் என்றால், பழைய பிரதி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அந்த 101-இல் பெரும்பாலானவை தவறே இல்லாத எடைகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் உள்ள எண்களே அதைச் சொல்கின்றன.

46 எங்கிருந்து வந்தது

மணி வடிவத்தில் பரவியிருக்கும் தரவில், அதாவது இயல்நிலைப் பரவலில், இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95.45 சதவீதம் அடங்கும். மீதி 4.55 சதவீதம் வெளியே நிற்கும். ஆயிரம் வரிசைகளுக்கு அது 45 அல்லது 46. உங்களுக்கு வந்ததும் 46.

ஆயிரம் எடைகளையும் துல்லியமான தராசில் நிறுத்து, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் ஏற்றியிருந்தாலும் இந்த விதி ஏறக்குறைய 46 பேரைக் குறித்திருக்கும். பத்தாயிரம் வரிசைகள் என்றால் 455 பேர். தரவில் எத்தனை பிழை இருக்கிறது என்பதற்கும் அந்த எண்ணிக்கைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. எத்தனை வரிசை கொடுத்தீர்களோ அதற்கேற்ற பங்கை விதி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது வரிசைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று 1863-லேயே வில்லியம் சாவனே என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு அளவுகோல் வகுத்தார். இத்தனை அளவீடுகளில் இவ்வளவு தள்ளி நிற்கும் மதிப்பு சராசரியாக அரைத் தடவைகூட வராது என்றால்தான் அதைச் சந்தேகிக்கலாம் என்பது அவர் கணக்கு. அதன்படி பத்து அளவீடுகளுக்கு எல்லை 1.96 திட்ட விலக்கம், ஆயிரத்துக்கு ஏறக்குறைய 3.5. பலர் கண்ணை மூடிக்கொண்டு போடும் அந்த 'இரண்டு', பத்து வரிசைக்குப் பொருந்துகிற எண். இதைச் சொன்னதால் சாவனே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள் இல்லை. அவரும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும்தான் நம்பினார். அதில் உள்ள சிக்கல் கீழே உங்கள் பத்துக் குழந்தைகளிடம் வெளிப்படும்.

மறுபடி மறுபடி ஏன் வருகிறது

இரண்டு ஓரங்களையும் வெட்டியதும் பரவல் சுருங்குகிறது. இயல்நிலைப் பரவலை இரண்டு திட்ட விலக்கத்தில் வெட்டினால், மிஞ்சியதன் திட்ட விலக்கம் பழையதில் 88 சதவீதம்தான் இருக்கும். உங்கள் 0.45 ஏறக்குறைய 0.40 ஆகிவிடும். முதல் சுற்றில் 2.1 கிலோவிலிருந்து 3.9 கிலோ வரை எல்லை இருந்தது. இரண்டாம் சுற்றில் அது 2.21 முதல் 3.79 வரை என்று நெருங்கிவிடுகிறது. சற்று முன்பு வரை உள்ளே இருந்த 2.15 கிலோ குழந்தை இப்போது வெளியே. அந்தக் குழந்தையின் எடை மாறவில்லை, வேலிதான் நகர்ந்தது.

சூத்திரப்படி கணக்கிட்டால் இரண்டாம் சுற்றில் 33 பேரும், மூன்றாம் சுற்றில் 22 பேரும் வர வேண்டும். உங்களுக்கும் அப்படியே வந்திருக்கிறது. பிழைகள் நிறைந்த தரவு இவ்வளவு ஒழுங்காகச் சூத்திரத்தோடு ஒத்துப்போகாது. நல்ல தரவைத்தான் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதன் விளைவு சும்மா ஒரு புள்ளியியல் குறை இல்லை. 2.5 கிலோவுக்குக் குறைவான பிறப்பு எடையை உலக சுகாதார நிறுவனம் குறைந்த பிறப்பு எடை என்று வகைப்படுத்துகிறது. நீங்கள் கொடுத்த சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்து, பரவல் மணி வடிவம்தான் என்று கொண்டு கணக்கிட்டால், ஆயிரத்தில் சுமார் 133 குழந்தைகள் அந்த வகையில் வருவார்கள். மூன்று சுற்று முடிந்தபோது நீங்கள் நீக்கியவர்களில் பாதி, ஏறக்குறைய 50 பேர், எடை குறைந்த பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மீதி 899 பேரில் 83 பேர்தான் 2.5 கிலோவுக்குக் கீழே இருப்பார்கள். 13 சதவீதம் என்று வந்திருக்க வேண்டியது 9 சதவீதம் ஆகிவிட்டது. உங்கள் ஆய்வு எந்தக் குழந்தைகளுக்காக நடக்கிறதோ அவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

அதோடு, திட்ட விலக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதால், அதிலிருந்து கணக்கிடும் பிழை வரம்புகள் எல்லாம் உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும். இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது இல்லாத வித்தியாசம் இருப்பதுபோல் காட்டும் அபாயமும் கூடவே வருகிறது.

பத்துப் பேர் பட்டியலில் 30, 31 ஏன் தப்பின

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பட்டியலை நீங்கள் அனுப்பவில்லை என்பதால், அதைப் போன்ற ஒன்றை வைத்துக் கணக்கைப் போடுவோம்:

2.7, 2.8, 2.9, 3.1, 3.0, 3.2, 3.3, 3.4, 30, 31

கடைசி இரண்டிலும் புள்ளி விடுபட்டிருக்கிறது என்று யாரும் ஊகித்துவிடலாம். மொத்தம் 85.4, சராசரி 8.54. பட்டியலில் ஒரு குழந்தைகூட அந்த எடைக்குப் பக்கத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். திட்ட விலக்கம் 11.58 வருகிறது. அதை இரட்டித்துச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 31.7. அதனால் 31 உள்ளே, 30-உம் உள்ளே. விதி ஒன்றையும் குறிக்கவில்லை.

கீழ் எல்லையையும் பார்த்துவிடுங்கள்: மைனஸ் 14.6 கிலோ. குழந்தையின் எடைக்கு எதிர்மறை எண்ணில் ஒரு எல்லை வந்தாலே, அந்தச் சராசரியும் திட்ட விலக்கமும் எதனாலோ கெட்டுப்போயிருக்கின்றன என்று புரிந்துகொள்ளலாம். எந்த நெடுவரிசைக்கும் இந்தச் சோதனையை ஒரு நொடியில் செய்துவிடலாம்.

நடந்தது என்னவென்றால், இரண்டு தவறான எண்களும் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டன. திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெரிதாக்கிவிட்டன. திருடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி எல்லையைக் கேட்டதுபோல் ஆயிற்று. புள்ளியியலில் இதை மறைத்தல் விளைவு என்பார்கள். ஒரு தவறு மட்டும் இருந்தால் சமாளிக்கலாம், ஒன்றுக்கு இன்னொன்று துணை நின்றால் இரண்டும் ஒளிந்துகொள்ளும். அந்த 30 மட்டும் சரியாக 3.0 என்று இருந்திருந்தால், 31 சராசரியிலிருந்து 2.85 திட்ட விலக்கம் தள்ளி நின்று பிடிபட்டிருக்கும்.

அந்த 2.85 என்ற எண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டியலில் n மதிப்புகள் இருந்தால், எந்த மதிப்பும் `(n-1)/√n` திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளி நிற்கவே முடியாது. பத்துக்கு அது 2.846. 31-க்குப் பதில் 3,100 என்று ஏற்றியிருந்தாலும் இதைத் தாண்டாது. அதனால் "இரண்டு போதாது, மூன்றாக்கிவிடுவோம்" என்று யாராவது யோசனை சொன்னால், பத்துப் பேர் பட்டியலில் அந்த விதி எதையும் எந்தக் காலத்திலும் குறிக்காது. ஐந்து மதிப்புகள் மட்டும் உள்ள பட்டியலில் உச்சவரம்பு 1.79. அங்கே இரண்டு திட்ட விலக்க விதியைப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

பெரிய பட்டியலிலும் மறைத்தல் நடக்கும். உங்கள் ஆயிரம் பேரில் ஒரே ஒரு 31 நுழைந்தாலும் திட்ட விலக்கம் 0.45-லிருந்து ஏறக்குறைய ஒன்றுக்குப் போய்விடும். அந்த 31 பிடிபட்டுவிடும், சரி. ஆனால் எல்லைகள் ஒரு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை விரிந்துவிடுவதால், 4.9 என்று தவறாக ஏறிய ஒரு 3.9 அதற்குள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்

சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுங்கள். பட்டியலை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு அது. மேலே உள்ள பட்டியலில் 3.15. அந்த 31-ஐ 3,100 ஆக்கினாலும் இது நகராது. பிறகு ஒவ்வொரு எடையும் 3.15-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, குறியை விட்டுவிட்டு, அந்தத் தூரங்களுக்கும் ஓர் இடைநிலை அளவு எடுங்கள். நம் பட்டியலில் 0.25 வரும். இதை 1.4826-ஆல் பெருக்கினால் 0.37. இயல்நிலைப் பரவலில் திட்ட விலக்கத்தோடு ஒப்பிடக்கூடிய அளவாக மாற்றுவதற்கே இந்தப் பெருக்கல். இப்போது ஒவ்வொரு தூரத்தையும் 0.37-ஆல் வகுத்துப் பாருங்கள். 2.7 கிலோ குழந்தைக்கு 1.2 வருகிறது. 30-க்கு 72, 31-க்கு 75. ஒளிந்திருந்தவை எங்கே நிற்கின்றன என்று தெரிகிறது அல்லவா?

எடைகள் B நெடுவரிசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், எக்செல்லில் C-யிலும் D-யிலும் இவற்றை எழுதிக் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டால் போதும்:

```
C2:  =ABS(B2-MEDIAN(B$2:B$1001))
D2:  =C2/(1.4826*MEDIAN(C$2:C$1001))
```

எல்லையை 3.5 என்று வைத்துக்கொள்ளலாம். இக்லெவிச், ஹோக்லின் என்ற இருவர் 1993-இல் பரிந்துரைத்த எல்லை இது, பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஆயிரம் பேருக்கு இது சுமார் 1.4 கிலோவிலிருந்து 4.6 கிலோ வரை என்று வரும். தரவு மணி வடிவத்திலேயே இருந்தால் ஆயிரத்தில் ஒருவர் குறிக்கப்பட்டாலே அதிகம். நிஜத்தில் மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் இருப்பார்கள் என்பதால் இன்னும் சிலர் வருவார்கள். அத்தனை பேரின் பதிவேட்டையும் ஒரு மதியத்தில் எடுத்துப் பார்த்துவிடலாம். 46 பேர் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள், நீக்கத்தான் தோன்றும்.

இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாதிக்கும் மேற்பட்ட மதிப்புகள் ஒரே எண்ணாக இருந்தால் தூரங்களின் இடைநிலை அளவு பூஜ்யம் ஆகிவிடும், எக்செல் `#DIV/0!` என்று காட்டும். எடையைத் தோராயமாக 3 கிலோ, 3.5 கிலோ என்று மட்டும் எழுதும் இடங்களிலிருந்து வரும் தரவில் இதை எதிர்பார்க்கலாம். அப்படி வந்தால் சூத்திரத்தை விட்டுவிட்டு, எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிக்கல் நிறுத்த விதத்திலேயே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரே நெடுவரிசையைப் பார்த்தால் தெரியாதவை

உங்கள் கோப்பில் கர்ப்ப வாரங்களும் இருக்கும் என்று நினைக்கிறேன். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 1.6 கிலோ இருப்பது சாதாரணம். எடை நெடுவரிசையை மட்டும் பார்த்தால் அது மூன்று திட்ட விலக்கத்துக்கும் கீழே நிற்கும், இரண்டு எஸ்.டி. விதி அதைத் தூக்கிவிடும். மறுபுறம், 30 வாரத்தில் பிறந்ததாகப் பதிவாகி 3.2 கிலோ எடை காட்டும் குழந்தை இரண்டு நெடுவரிசைகளிலும் தனித்தனியே பார்த்தால் பெரிதாக உறுத்தாது. எடை சராசரிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் 30 வாரத்தில் அந்த எடைக்கு வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் பிழை இருக்கும். அதனால் வாரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஒரு வாரத்தில் ஐந்தாறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பக்கத்து வாரங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

3.2 என்பதை 2.3 என்று மாற்றி ஏற்றியிருந்தால் எந்த எல்லையும் அதைப் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிடுவதைத் தவிர நல்ல வழி இல்லை.

தலைமை ஆய்வாளரிடம் எப்படிப் பேசுவது

அவர் சொன்னதில் பாதி சரி. இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே இருப்பதைக் குறித்து வைப்பதில் ஒரு கெடுதியும் இல்லை, பார்க்க வேண்டிய வரிசைகளின் முதல் பட்டியலாக அதை எடுத்துக்கொள்ளலாம். தகராறு "தூக்கிவிடுங்கள்" என்பதில்தான். பொதுவான விவாதத்துக்குள் போகாமல், 13 சதவீதம் 9 ஆகிவிடும் கணக்கை அவர் முன் வையுங்கள். இந்தத் துறையில் இருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அப்புறமும் நீக்கத்தான் வேண்டும் என்றால், எந்த விதியில் எத்தனை வரிசைகள் நீக்கப்பட்டன என்பதை அறிக்கையின் முறைப் பகுதியில் எழுத வேண்டும் என்றும், நீக்காமல் வரும் முடிவையும் பக்கத்திலேயே தர வேண்டும் என்றும் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாளைக்கு ஒரு மதிப்பாய்வாளர் "ஏன் 899?" என்று கேட்டால் முதலில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

விதியை எப்போது முடிவு செய்தீர்கள் என்பதும் முக்கியம். முடிவுகளைப் பார்த்த பிறகு எல்லையை மாற்றினால், எந்த எல்லை நமக்கு வேண்டிய விடையைத் தருகிறதோ அதில் போய் நிற்க மனம் இழுக்கும். அதனால் 3.5 என்றோ வேறு எண்ணோ, ஒப்பீடுகளைத் தொடங்குமுன் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கோப்பில் வரிசைகளை அழிக்க வேண்டாம். ஒரு புதிய நெடுவரிசையில் குறியும், அதற்கடுத்ததில் பதிவேட்டைப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதும் இருக்கட்டும். பதிவேட்டில் வேறு எடை இருந்தால் திருத்துங்கள், பழைய எண்ணையும் குறிப்பில் விட்டுவையுங்கள். பதிவேட்டிலும் அதே 1.2 கிலோதான் என்றால் அந்தக் குழந்தை பட்டியலில் இருக்கும், அதன் மேல் யாருக்கும் பேச்சு இல்லை.

கடைசியாக அந்த 30, 31. இவற்றை 3.0, 3.1 என்று மாற்றக் கை துறுதுறுக்கும். பதிவேட்டில் அப்படி எழுதியிருந்தால் மாற்றுங்கள். பதிவேடு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, "சாத்தியமற்ற மதிப்பு, மூலம் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். புள்ளி விடுபட்டிருக்கலாம் என்பது நம் ஊகம்தான். 2.30 என்பதில் முன்னால் உள்ள '2.' விடுபட்டு 30 ஆகியிருந்தாலும் கட்டத்தில் இதே எண்தான் தெரியும், அப்போது அது குறைந்த பிறப்பு எடைக் குழந்தை.